அந்த அப்பத்தா முகமும் என் ஆக்‌ஷனும்

மூன்று நாளாக ஆளாளுக்கு டேக் செய்துகொண்டிருக்கிறீர்கள். சரி, நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், குரூப் போட்டோவில் ஒரு அப்பத்தாவின் முகம் கெட்டுப்போனதாக நீங்கள் சுற்றவிடும் அந்தக் கல்யாண ஆல்பத்தில் ஓடியது என் போட்டோஷாப் ஆக்‌ஷன்தான். வேலைகளை வரிசையாக ரெக்கார்டு செய்து வைத்தால் எந்தப் படத்திலும் தானாகச் செய்துவிடும், அதுதான் ஆக்‌ஷன். இது நான் ரெக்கார்டு செய்தது, நான் இலவசமாகக் கொடுத்தது. "அப்பத்தாவுக்கு ஃபேஷியல் செய்த மகான்" என்று என் பெயர் போட்டு எழுதியவருக்கும் நன்றி. படத்தை மறுபடி இங்கே போடப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று, எல்லோரும் சிரித்தாயிற்று. சிரிக்கப்பட்டது ஒரு கிழவியின் முகம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

என்ன நடந்தது என்பதையாவது தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

அந்த ஆக்‌ஷனில் இருப்பது ஆறே வேலைதான். படத்தை ஒரு நகல் எடுக்கும். அந்த நகலை Invert செய்யும். பிளெண்ட் மோடை Vivid Light ஆக்கும். High Pass 24 பிக்சல், அதன்மேல் Gaussian Blur 8 பிக்சல். கடைசியாக Layer Mask > Hide All, அதாவது அந்த நகலை முழுக்க மறைக்கும் கறுப்பு மாஸ்க். அது முடிந்ததும் படத்தைப் பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது. மாறக் கூடாது. வெள்ளை பிரஷ் எடுத்து, கன்னத்தில் எங்கே திட்டுத்திட்டாக இருக்கிறதோ அங்கே மட்டும் நாம் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் மட்டும் மென்மை வரும்.

இந்த மாஸ்க்குக்குப் பிறகு நான் ஒரு Stop வைத்திருந்தேன். ஆக்‌ஷன் பேனல் மெனுவில் Insert Stop என்று இருக்கும், நாம் எழுதியதை அது பெட்டியில் காட்டும். நான் எழுதியிருந்தது: "முகத்தின் அளவைப் பார். கண், புருவம், உதடு, மூக்கு ஓரம் தொடாதே. குரூப் போட்டோவுக்கு இது வேண்டாம்." தமிழிலேயே எழுதியிருந்தேன். இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது? High Pass, Blur இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் டயலாக் கட்டத்தையும் தட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்திலும் நின்று "எத்தனை பிக்சல்?" என்று கேட்கும்.

அந்த ஆல்பம் செய்த ஸ்டுடியோ நண்பர் செய்தது இதுதான். எல்லாப் படத்திலும் ஆக்‌ஷனை மொத்தமாக ஓடவிடும் பேட்ச் போட்டார். ஒவ்வொரு படத்திலும் நின்று நின்று கேட்டது. எரிச்சல். Stop வரியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தார். டயலாக் கட்டத்தை எடுத்தார். அப்புறமும் படத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று மாஸ்க்கையும் தூக்கினார். கடைசியில் எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிடும் Flatten Image சேர்த்தார். நான் பூட்டிய மூன்று பூட்டையும் உடைத்துவிட்டு, "இவன் செய்த கதவு சரியில்லை" என்கிறார்கள்.

ஆக்‌ஷன் முகத்தின் வாசல் வரைக்கும்தான் வர வேண்டும். உள்ளே போக வேண்டியது கை. இதைப் பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

சரி, அப்பத்தாவின் முகம் ஏன் அப்படி ஆனது? சுருக்கம் போய்விட்டதால்தான் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். படத்தை மறுபடி பாருங்கள். சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது. போனது மேடு பள்ளம். High Pass 24, Blur 8 என்றால் கிட்டத்தட்ட 8 பிக்சலிலிருந்து 24 பிக்சல் வரை அளவுள்ள வெளிச்ச இருட்டு வித்தியாசத்தை அது மழுங்கடிக்கும். அதைவிடச் சின்னது தப்பிக்கும், பெரியதும் தப்பிக்கும். மணப்பெண்ணின் க்ளோஸப்பில் முகத்தின் அகலம் 1800 பிக்சல். அந்த முகத்தில் 8 முதல் 24 பிக்சல் என்பது மேக்கப் திட்டு, சின்னச் சின்ன வீக்கம். அவை போனால் அழகு. தோலின் துவாரம் அதைவிட நுண்ணியது, அதனால் தோல் தோலாகவே நிற்கும். இந்த எண்ணை நான் வைத்ததே அந்த மாதிரி முகத்துக்குத்தான்.

மேடையில் நாற்பது பேர் நிற்கிற குரூப்பில் அப்பத்தாவின் முகம் 160 பிக்சல். ஒரு முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம் என்று படம் வரைகிறவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் அவர் கண் 32 பிக்சல். இப்போது 8 முதல் 24 வரை எது என்று பாருங்கள். கண்குழி, மூக்கின் நிழல், உதடு, ஒட்டிய கன்னத்தின் பள்ளம். ஒரு முகத்தை இன்னாருடைய முகம் என்று காட்டுவது எதுவோ அது அத்தனையும். அவை மழுங்கின. சுருக்கக் கோடு இரண்டு மூன்று பிக்சல்தான், அதனால் தப்பித்தது. ஆக மொத்தத்தில் தட்டையான தட்டில் கோடு கிழித்தது போல ஆகிவிட்டது. மாஸ்க் இல்லாததால் காதில் தண்டட்டியைச் சுற்றி வெள்ளை வளையம் வேறு. அந்த அளவு முகத்துக்கு அதே விகிதத்தில் வேண்டும் என்றால் 24-க்குப் பதில் 2, 8-க்குப் பதில் 0.7. ஆனால் 160 பிக்சல் முகத்தில் தோல் வேலை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அப்படியானால் முகத்தின் அளவுக்கு ஏற்ற மாதிரி கண்டிஷன் வைத்துக் கொடுத்திருக்கலாமே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வைக்கலாம் தம்பி. Insert Conditional இருக்கிறது. படம் படுக்கையா நிமிர்ந்ததா, லேயரில் மாஸ்க் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். முகம் எத்தனை பிக்சல் என்று அதில் இல்லை. ஒரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

"உனக்கென்ன, ஆல்பத்தில் 600 படம், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து தேய்த்தால் விடிந்துவிடும்" என்பவர்களுக்கு. இது நியாயமான கேள்வி. எனக்கும் டெலிவரி தேதி உண்டு, எனக்கும் மண்டபத்திலிருந்தே போன் வரும். ஆனால் 600-லும் தோல் வேலை எதற்கு? முதலில் Bridge-இல் படங்களை வகை பிரியுங்கள். என் கணக்கில் நிஜமான க்ளோஸப் நாற்பதுக்கு மேல் தேறாது. ஆக்‌ஷன் தயார் செய்து கொடுத்த பிறகு தேய்க்க ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். நாற்பதுக்கு இரண்டு மணி நேரம். மற்றதெல்லாம் கலர் சரிசெய்து, அளவு மாற்றி, பிரிண்டுக்கு ஷார்ப் செய்து பேட்சில் விடுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். பாஸ்போர்ட் சைஸ் எட்டுப் படத்தை 4×6 ஷீட்டில் அடுக்க நான் கை வைத்தே எத்தனையோ வருஷம் ஆகிறது, F3 அமுக்கினால் முடிந்தது. ஆட்டோமேஷனுக்கு நான் விரோதி இல்லை. என்னை விரோதி என்று ஒரு பக்கமும் சோம்பேறிகளின் குரு என்று மறுபக்கமும் எழுதினால் நான் எங்கே போய் நிற்பது?

நான் தப்பே செய்யாதவன் என்று சொல்லவில்லை. இதை இதுவரை எங்கும் எழுதியதும் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்து ஐடி கார்டு வேலை. 412 பிள்ளைகள். வெயிலில் வேர்த்த முகம், பாதிப் பேருக்குப் பரு. Dust & Scratches-ஐ ரேடியஸ் 6-இல் வைத்து முகத்துக்கு ரெக்கார்டு செய்தேன், 412-லும் ஓடவிட்டேன், டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எல்லாம் பளபளவென்று இருந்தது. என்னையே நான் பாராட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கையில் பிள்ளையின் டி.சி. "சார், எம்புள்ள மச்சத்த எங்க வச்சீங்க?" என்றார். டி.சி.யில் அங்க அடையாளம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: வலது கன்னத்தில் ஒரு மச்சம். நான் கொடுத்த கார்டில் வலது கன்னம் துடைத்த பலகை.

அந்தக் கேமரா தூரத்தில் பிள்ளையின் முகம் ஏறத்தாழ 600 பிக்சல். மச்சம் பத்து பிக்சல். பருவும் பத்து பிக்சல். ஃபில்டருக்கு இரண்டும் ஒன்றுதான், சுற்றியிருப்பதைவிடக் கறுப்பாக ஒரு புள்ளி. பரு அடுத்த வாரம் போய்விடும், மச்சம் பாடையோடுதான் போகும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 412 படத்தையும் ஒரிஜினலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 37 பிள்ளைகளுக்கு மச்சமோ தழும்போ காணாமல் போயிருந்தது. ஒரு பையனுக்கு உதட்டுத் தையல் தழும்பு. அவன் படத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டிருப்பானோ என்னவோ. ஆனால் கேட்காமல் எடுக்க நான் யார்?

"கஸ்டமரே கேட்கிறார்கள்" என்பார்கள் அடுத்து. தெரியும். "கொஞ்சம் கலராக்கிடுங்க" என்று கேட்காத கல்யாணம் உண்டா? அதற்கும் ஒரு ஆக்‌ஷன் ஊரெல்லாம் சுற்றுகிறது, Curves-இல் நடுவை 128-லிருந்து 150-க்குத் தூக்கி ரெக்கார்டு செய்தது. மாநிறத்தை அது பெரிதாகக் கெடுக்காது. நல்ல கறுப்பு முகத்தை மட்டும் செலக்ட் செய்து போடுங்கள், நெற்றியில் ஃபிளாஷ் பட்ட இடம் வெளுத்து, கன்னத்து நிழல் சாம்பல் பூத்து, காய்ச்சல்காரன் மாதிரி ஆகிவிடும். கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே இருக்கும். என் அக்கா கல்யாண ஆல்பத்தில் அக்கா அப்படித்தான் இருக்கிறாள். ஆக்‌ஷன் ஊரில் சுற்றத் தொடங்குவதற்கு முன்னால் கையாலேயே செய்த கைங்கரியம் அது, ஆக ஆக்‌ஷனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இருபது வருஷமாக அந்த ஆல்பத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பழகிவிட்டது.

"ஏன் பொதுவில் கொடுத்தாய்?" என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நாலு பேருக்கு உதவட்டும் என்று கொடுத்தேன். லிங்க்கை நேற்று எடுத்துவிட்டேன். எடுத்ததற்கும் திட்டுகிறீர்கள்.

நேற்று இரவு அந்த ஸ்டுடியோ நண்பரையே கூப்பிட்டேன். சண்டைக்கு இல்லை. "அந்த குரூப்போட ஒரிஜினலை அனுப்புங்க, நான் காசு வாங்காம செஞ்சு தரேன், அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாத்தி ஒட்டிடலாம்" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். பேட்ச் விண்டோவில் Destination என்ற இடத்தில் Folder கொடுக்காமல் Save and Close கொடுத்திருக்கிறார். ஒரிஜினல் JPEG மேலேயே எழுதிவிட்டது. RAW எடுக்கவில்லை. கார்டு அடுத்த முகூர்த்தத்துக்கு ஃபார்மட் ஆகிவிட்டது.

இதை எழுதியதே அதற்காகத்தான். அந்தக் கல்யாணத்தில் மேடைக்குக் கீழே நின்று போனில் குரூப்பை எடுத்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். டாக்குமெண்டாக எனக்கு அனுப்புங்கள்.