அந்த 1,600 கிலோ எங்கே போச்சு?

"1,600 கிலோ ஏற்றலாம்" என்று அடித்துச் சொல்லித்தான் எனக்கு இந்தச் சின்ன லாரியை விற்றார்கள். மொத்த எடை வரம்பு 3,500 கிலோ, கேபினோடு சேசிஸ் 1,900, மீதி 1,600. கணக்கு சரிதான். ஆனால் அது பாடி கட்டாத வெறும் சேசிஸின் கணக்கு. வெறும் சட்டத்தின் மேலா சரக்கை அடுக்குவார்கள்?

மூடிய பெட்டி பாடி 450 கிலோ வரும் என்றார் பாடி கட்டுபவர். வேலை முடிந்து எடைமேடையில் ஏற்றினால் 600! கேட்டால், "தரைக்குத் தடிமனான தகடு போட்டோம், குறுக்குச் சட்டம் கூடுதலாக வைத்தோம், உறுதியாக இருக்கும்" என்கிறார். யார் கேட்டது? பின்னால் சரக்கு இறக்கும் லிஃப்ட் 200 கிலோ. ஓட்டுநர், உதவியாள், நிறைந்த டீசல் தொட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 200. கடைசியில் எனக்கு மிஞ்சியது 600 கிலோ. ஒவ்வொரு நடையிலும் ஒரு டன் சரக்கு போச்சு! விற்றவர் பாடி கட்டியவரைக் கை காட்டுகிறார், அவர் இவரைக் கை காட்டுகிறார்.

அனுமதி வாங்கும்போது அடுத்த இடி. சேசிஸுக்கு நிறுவனம் வாங்கிய ஒப்புதல் சேசிஸோடு சரி, பாடி ஏறிய முழு வண்டிக்குத் தனியாக வேண்டும். ஆய்வாளர் வரைபடத்தை வைத்து அளந்தார். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வரைபடத்தைவிட அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. சரக்கு பின் அச்சைத் தாண்டி உட்கார்ந்தால் முன் சக்கரத்தில் பாரம் குறையும், ஸ்டீயரிங் பிடி விடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் வரம்பு முதலில் தாண்டிவிடும். இதெல்லாம் பாடி கட்டுகிறவருக்குத் தெரியாதா? "கொஞ்சம் இடம் கூடக் கிடைக்கட்டுமே" என்று அவராகவே நீட்டியிருக்கிறார். வெட்டிச் சரிசெய்வதற்கும் என்னிடமே பணம் கேட்கிறார்!

இதற்கிடையே கடன். சேசிஸ் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி ஓடுகிறது. பாடி இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் ஓட்ட முடியாது. பட்டறையில் நிற்கும் வண்டிக்கு மாதாமாதம் தவணை. பாடிச் செலவோ அந்தக் கடனில் சேரவே இல்லை, அது கைக்காசு. சக்கர மேல்மூடி, பக்கத் தடுப்பு, ஒளிரும் பட்டை எதுவும் முதல் விலைப்பட்டியலில் கிடையாது. ஆனால் அவை இல்லாமல் ஆய்வில் தேற முடியாது!

பாடியின் எடையைக் கிலோவில் எழுதி, அதற்கு மேல் போனால் என் செலவில் குறைத்துத் தருவேன் என்று கையெழுத்துப் போட ஏன் ஒருவரும் முன்வருவதில்லை? பெயிண்ட் நிறத்தை மட்டும் நாலு தடவை கேட்கத் தெரிகிறதே!