மீட்டர் லைட் மின்னுவதும் யூனிட் கணக்கும்

"லைட் ஒரு தடவை மின்னினா ஒரு யூனிட். சென்சார் ஒட்டி எண்ணினா போதும்."

கரண்ட் மீட்டரில் மின்னும் சின்ன லைட்டை வைத்து யூனிட் எண்ணுறதைப் பற்றி இங்கே ஒருத்தர் இப்படிப் போட்டிருந்தார். அப்படி இல்லைங்க. மீட்டர் முகப்பிலேயே imp/kWh என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். கொழிஞ்சாம்பாறையில் எங்க வீட்டு மீட்டரில் 3200. அத்தனை தடவை மின்னினால்தான் ஒரு யூனிட். 1600 தடவை மின்னினால் ஒரு யூனிட்னு மேலே ஓர் அண்ணன் சொன்னது அவர் மீட்டருக்குச் சரி, எல்லாருக்கும் பொருந்தாது.

மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு 750 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டுப் பார்த்தேன். சூடேறும்போது ஒன்றரை நொடிக்கு ஒருமுறை மின்னியது. 750 வாட்டுக்கு மணிக்கு முக்கால் யூனிட், அதாவது 2400 தடவை; 3200-க்குக் கணக்கு அதுதான்.

ராத்திரியில் எண்ணிக்கை எகிறுதுன்னு கேட்ட அக்கா, திண்ணை டியூப்லைட் வெளிச்சம் சென்சாரில் விழலாம். கறுப்பு டேப் ஒட்டி மூடிவிட்டு, மீட்டரில் ஒரு யூனிட் ஏறும்போது உங்க மீட்டரில் போட்டிருக்கும் எண்ணிக்கை வருதான்னு பாருங்க. அப்பவும் கூடினால், லைட் ஒரு தடவை மின்னுவதை இரண்டாக எண்ணுதோ என்னவோ, சென்சாருக்கு எழுதின புரோகிராமைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.