அந்த அம்பு எந்தக் கட்டத்திலிருந்து கிளம்புகிறது?

பெங்களூருவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் பார்க்கும் வேலை, மேலாளர் கையால் வரைந்து அனுப்பும் செயலித் திரைகளைப் படித்து, அவற்றில் உள்ள பொத்தான்கள், நிரப்பும் கட்டங்கள், ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழிகள் ஆகியவற்றை டெவலப்பருக்குப் பட்டியலிட்டுத் தருவது. "எல்லாம் படத்திலேயே இருக்கிறதே, பார்த்து எழுத அரை மணி நேரம் போதாதா?" என்று சென்ற வாரம் மூன்றாவது முறையாக என்னிடம் கேட்டார்கள். எல்லாம் படத்தில் இல்லை என்பதை இங்கேயாவது முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

வந்த படம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் டேங்கர் பதிவு செய்யும் செயலியின் திரை. கோடு போட்ட நோட்டில் பேனாவால் வரைந்து, சாய்வாகப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நான் எப்போதும் செய்வதுபோல மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக ஒவ்வொரு உருவத்துக்கும் எண் இட்டேன். இடது மூலையில் பின்செல்லும் குறி, அதன் அருகில் தலைப்பு, பெயர், மொபைல் எண், லிட்டர் என்று மூன்று கட்டங்கள், 'இன்று', 'நாளை' என்று இரண்டு வட்டங்கள், 'உறுதி செய்' என்ற பெரிய கட்டம், அடியில் வீடு, பட்டியல், ஆள் ஆகிய மூன்று சின்னங்கள்: மொத்தம் 11. படத்தில் 11 எண்கள் இருந்தால் பட்டியலிலும் 11 வரிகள் இருக்க வேண்டும் என்று சரிபார்ப்பதால், எதுவும் விடுபடுவதில்லை. ஆனால் எண்ணி முடித்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது.

பேனாவுக்குச் செவ்வகம் ஒன்றுதான், திரைக்கோ அது மூன்று வெவ்வேறு பொருள். பெயர்க் கட்டத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், 'உறுதி செய்' கட்டத்தை அழுத்த வேண்டும், ஓரத்தில் சிறு முக்கோணம் உள்ள லிட்டர் கட்டத்தில் விரியும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எத்தனை லிட்டர் அளவுகள் வரும் என்று படம் சொல்லவில்லை. 'இன்று' வட்டம் மையால் நிரம்பியிருந்தது. திரை திறக்கும்போதே 'இன்று' தேர்வாகியிருக்க வேண்டும் என்று அதற்குப் பொருளா, பேனா கசிந்ததா? மொபைல் எண் கட்டத்தில் 10 இலக்கங்கள் இல்லையென்றால் என்ன செய்தி தோன்ற வேண்டும்? இவற்றை நானே முடிவு செய்து எழுதினால் அது என் ஊகம், மேலாளரின் தேவை அல்ல.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது அந்த ஒற்றை அம்பு. அதன் வால் லிட்டர் கட்டத்துக்கும் 'உறுதி செய்' பொத்தானுக்கும் நடுவே தொங்கியது. அதன் தலை, விவரம் எதுவும் எழுதாத இரண்டாவது திரையைத் தொட்டது. நான் கேட்டு அனுப்பிய கேள்விக்கு இரண்டு நாள் பதில் வரவில்லை, வேலை நிற்கக் கூடாது என்று மட்டும் நெருக்கினார்கள். ஆகவே உறுதி செய்த பின் நன்றித் திரை வரும் என்று எழுதினேன், ஊகம் என்று பக்கத்திலேயே குறித்தும் வைத்தேன். டெவலப்பர் தம்பி அப்படியே கட்டி முடித்த பிறகுதான், லிட்டரைத் தேர்ந்தெடுத்ததும் விலைத் திரை வந்து, அங்கிருந்து திரும்பி வந்து உறுதி செய்ய வேண்டும் என்பதே தம் எண்ணம் என்று மேலாளர் சொன்னார். "அக்கா, விலைத் திரையிலிருந்து பின்னால் வந்தால் நிரப்பிய பெயரும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டுமா?" என்று தம்பி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் திரும்பி வரும் அம்பை யாருமே வரையவில்லை.

பின்செல்லும் வழியை எழுதாமல் விடுவது சிறிய குறை அல்ல. பதிவு முடிந்தபின் ஒருவர் ஆண்ட்ராய்டு போனின் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால், நிரப்பிய படிவமே மீண்டும் கண்ணில் படும். பதிவு ஆகவில்லை என்று நினைத்து அவர் மறுபடி உறுதி செய்தால் வாசலில் இரண்டு டேங்கர்கள் வந்து நிற்கும், இரண்டுக்கும் பணம் கேட்பார்கள். அதனால்தான் என் பட்டியலில் ஒவ்வொரு அம்புக்கும் எதை அழுத்தினால் கிளம்புகிறது, எந்தத் திரையை அடைகிறது, அங்கிருந்து பின்னால் வந்தால் எங்கே நிற்கிறது என்று மூன்று விடைகள் வேண்டும் என்கிறேன். அம்பின் வாலை உரிய கட்டத்தின் கோட்டில் தொட்டு வரைய மேலாளருக்கு ஒரு நொடி ஆகும். அதைச் செய்யாததால் தம்பியின் இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று. பழி என் பட்டியல்மீது விழுந்தது, ஊகம் என்று நான் குறித்திருந்த வரியைக் கூட்டத்தில் எவரும் படித்துப் பார்க்கவில்லை.

நேற்று அடுத்த திரையின் படம் வந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி புகைப்படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது, அம்புகள் மூன்றில் ஒன்று தாளின் விளிம்பில் முடிகிறது. கண்ணால் கண்டவற்றை ஒரு பத்தியிலும், கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை இன்னொரு பத்தியிலும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். நான்குக்கும் எழுத்தில் பதில் வரும்வரை தம்பியிடம் எந்தப் பட்டியலையும் தரப்போவதில்லை.