பிர்ச் ஒடுக்கம்: தொகுதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்காராது

"சோடியம், திரவ அம்மோனியா போட்டால் பென்சீன் வளையத்தில் இருக்கிற தொகுதி எப்பவும் நிறைவுற்ற கார்பனில்தான் வரும்" என்கிறீர்கள்.

பென்சாயிக் அமிலத்துக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள் போல. அங்கே கார்பாக்சிலேட் எதிர்மின்சுமையைத் தாங்கிக்கொள்ளும், அதனால் 1, 4 கார்பன்கள் ஹைட்ரஜன் ஏற்று நிறைவுறும், தொகுதி 1-இல் நிற்கும். அனிசோலில் கதை தலைகீழ். மெத்தாக்சி எலக்ட்ரான் தருவது, எதிர்மின்சுமை அது இருக்கிற கார்பனில் சேர விரும்பாது, ஆகவே 2, 5 கார்பன்கள்தான் நிறைவுறும், மெத்தாக்சி இரட்டைப் பிணைப்பிலேயே தங்கிவிடும். டொலுவீனும் இப்படித்தான்.

இந்தத் திரியில் ஒருவர் "எனக்கு அனிசோலிலிருந்து கீட்டோன்தான் கிடைத்தது" என்றிருக்கிறார். அது தப்பு இல்லை, விளைபொருள் ஒரு ஈனால் ஈதர், கடைசியில் அமிலம் பட்டதும் நீராற்பகுப்பாகிவிட்டது. மென்மையான அமிலமென்றால் 3-சைக்ளோஹெக்சினோன், வலுவானதென்றால் இரட்டைப் பிணைப்பு நகர்ந்து 2-சைக்ளோஹெக்சினோன். அமிலத்தைத் தவிர்த்து, என்எம்ஆர் எடுத்துப் பாருங்கள்: மெத்தாக்சி பக்கத்திலுள்ள ஒற்றை வினைல் ஹைட்ரஜன் 4.6 பிபிஎம் அருகே தனியாகத் தெரியும், அதுவே சாட்சி.

"எலக்ட்ரான் இழுப்பது நிறைவுற்ற கார்பனில், தருவது இரட்டைப் பிணைப்பில்" என்று இன்னொருவர் போட்டது பாதி சரி, ஒரே வளையத்தில் இரண்டும் இருந்தால் அந்த விதி மட்டும் போதாது. 2-மெத்தாக்சிபென்சாயிக் அமிலத்தில் சண்டையே இல்லை, அமிலம் 1-இல் நிறைவுறும், மெத்தாக்சி இரட்டைப் பிணைப்பில் இருக்கும். 4-மெத்தாக்சியில் இரண்டு விதிகளும் மோதும், பெரும்பாலும் அமிலத் தொகுதியின் சொல்தான் எடுபடும், ஆனால் மெத்தாக்சி கழன்றுபோவதும் உண்டு. உங்கள் மூலக்கூறில் எது நடக்கும் என்பதைச் செய்துதான் பார்க்கவேண்டும்.