ஒரு நிமிடக் காணொளியும் இரண்டு சாம்பல் நாட்களும்

அந்தக் காணொளியைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று முன்தினம் நான் இட்ட மரியாதையான திருத்தத்துக்கு, "இவ்வளவு நுணுக்கம் யாருக்கும் தேவையில்லை, எளிமையாகச் சொன்னால்தான் போய்ச் சேரும்" என்று பதில் வந்த பிறகு, பேசாமல் இருக்க முடியவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்: தவக்காலத்தைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்வதாகச் சொல்லி ஒரு நிமிடம் ஓடுகிற காணொளி அது. "கிறிஸ்தவர்கள் எல்லாரும் சாம்பல் புதனன்று நோன்பைத் தொடங்குவார்கள், நாற்பது நாளும் இறைச்சி, மீன், முட்டை தொட மாட்டார்கள், தொட்டால் பாவம், இது துக்க காலம்" என்பது அதன் சாரம். செய்தவர்களின் நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எளிமை வேறு, தவறு வேறு.

முதலில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை, கேரள எல்லையை ஒட்டிய இந்தச் சிறிய பகுதியில் கத்தோலிக்கர்களே மூன்று வழிபாட்டு முறைகளைச் சேர்ந்தவர்கள். லத்தீன் முறையினருக்குக் குழித்துறை மறைமாவட்டம் இருக்கிறது. சீரோ மலங்கரை முறையினருக்கு மார்த்தாண்டமும் சீரோ மலபார் முறையினருக்குத் தக்கலையும் 1996-இல் மறைமாவட்டங்களாயின. மூவரும் ஒரே திருத்தந்தையின் கீழ் உள்ளவர்கள், ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஆனால் தவக்காலத்தை மூவரும் ஒரே நாளில் தொடங்குவதில்லை.

இந்த ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 2026-இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5. லத்தீன் முறையில் சாம்பல் புதன் பிப்ரவரி 18. அன்றிலிருந்து உயிர்ப்பின் முந்தைய நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பில்லை, அந்த ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. சீரோ மலபார் வீடுகளில் கணக்கு வேறு. அங்கே பிப்ரவரி 15, பேத்துர்த்தா ஞாயிறு; அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை இரண்டு நாளையும் சேர்த்து எண்ணினால் சரியாக ஐம்பது. அதனால்தான் அது அம்பது நோம்பு. அவர்கள் சாம்பல் பூசிக்கொள்வது மறுநாள் திங்களன்று, விபூதித் திங்கள். மலங்கரை முறையினரும் அந்தத் திங்களன்றுதான் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அது சுப்கோனோ என்னும் ஒப்புரவு வழிபாட்டு நாள். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நோன்புக்குள் நுழைகிறார்கள்.

இதெல்லாம் நுணுக்கமா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் தம்பி மனைவி இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். இந்த உயிர்ப்புத் திருவிழிப்பில் திருமுழுக்குப் பெறுவதற்காக ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. என் அக்காவை சீரோ மலபார் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்தத் திங்களன்று அக்கா வீட்டுக்குப் போன இவள், அக்காவின் மாமியார் நெற்றியில் சாம்பல் சிலுவையைப் பார்த்திருக்கிறாள். காணொளியில் புதன் என்று கேட்டிருந்ததால், "அம்மா, சாம்பல் புதன்கிழமைதானே, நீங்கள் நாள் மாற்றிவிட்டீர்களா?" என்று வெள்ளை மனதோடு கேட்டுவிட்டாள். எழுபது வயதைக் கடந்த அந்த அம்மா, வாழ்நாள் முழுவதும் ஐம்பது நாளும் மீனும் பாலும் ஒதுக்கி நோன்பிருந்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம், உள்ளே எழுந்து போய்விட்டாராம். அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கு நெஞ்சு வலித்தது. கேட்டவள் மீது குற்றமில்லை. "எல்லாரும்" என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மீதுதான் என் வருத்தம்.

இரண்டு நாள் கழித்துப் புதன் மாலை அவளிடமிருந்து அழைப்பு. குரலே தேய்ந்திருந்தது. "மைனி, தண்ணி குடிக்கலாமா? தலை சுத்துது" என்றாள். காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. வயிற்றில் பிள்ளையோடு! முதலில் குடி, பிறகு கஞ்சி சாப்பிடு, மீதியை நான் வந்து சொல்கிறேன் என்றேன். தம்பியின் வீட்டுக்குப் போய், அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருந்து, பிறகு விதியைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

லத்தீன் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1251, 1252 ஆகிய இரண்டு சட்டங்களில் இது இருக்கிறது. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரை. ஒருசந்தி என்றால் ஒரு வேளை நிறைவான உணவு. காலையிலும் மாலையிலும் ஊர் வழக்கப்படி சிறிது உண்பதைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வெளியிட்ட ஆவணத்திலேயே அனுமதித்துவிட்டார். தண்ணீருக்குத் தடையே இல்லை. சுத்தபோசனம், அதாவது இறைச்சி ஒறுத்தல், 14 வயது நிறைந்தவர்களுக்கு. அந்த இரண்டு நாட்களிலும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் அது உண்டு. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கடும் உடலுழைப்பில் இருப்பவர்கள் ஆகியோரை இந்தக் கட்டாயம் பிடிப்பதில்லை என்பதுதான் திருச்சபையின் நெடுங்காலப் புரிதல். இதற்கு மேல் யார் எதை விட்டாலும் அது அவரவர் விருப்பத்தால் ஏற்கும் தவம். காணொளி செய்த பெரும்பிழை இதுதான்: விருப்பத்தால் செய்வதைக் கட்டாயம் என்றது, ஒரு திருச்சபையின் மரபை எல்லாருக்கும் விதி என்றது.

மீனைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. 1966-ஆம் ஆண்டின் அந்த ஆவணம் தடுப்பது இறைச்சியை மட்டும். முட்டையையும் பால் பொருட்களையும் அது வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. மீன் அந்தத் தடைக்குள் வரவே இல்லை. சீரோ மலபார், மலங்கரை மரபில் மீனும் முட்டையும் பாலும் ஒதுக்கி ஐம்பது நாளும் இருப்பவர்கள் உண்டு, அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் என் அம்மா குளச்சல் பக்கம் கடற்கரையில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் அடுப்பில் சாளையும் மரச்சீனியும்தான், இறைச்சி வீட்டுக்குள் வராது. அந்தக் காணொளியின் கீழே ஒருவர், "மீனைத் தின்றுவிட்டுத் தவம் என்கிறார்கள் கடற்புறத்தார்" என்று எழுதியிருக்கிறார், அதற்கு நூற்றுக்கணக்கானோர் விருப்பக் குறி இட்டிருக்கிறார்கள். விடியுமுன் கடலுக்குப் போன வீட்டில், பிடித்ததில் விலைபோகாத மீனைக் குழம்பு வைத்து, அதிலும் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டு விதவைக்குக் கொடுத்தனுப்பியவர் என் அம்மா. அவர் தவக்காலம் அறியாதவரா? தவறான ஒரு வாக்கியம் ஒரு சமூகத்தையே ஏளனம் செய்யக் கதவு திறந்துவிட்டதே, இதையும் நுணுக்கம் என்று தள்ளிவிடுவீர்களா?

"ஒரு நிமிடத்தில் இவ்வளவையும் எப்படிச் சொல்வது?" என்று கேட்பீர்கள். சொல்லலாம். நான் எழுதிக் காட்டுகிறேன்: "கத்தோலிக்கர்கள் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் இருக்கும் நோன்புக் காலம் இது. லத்தீன் முறையினர் சாம்பல் புதனன்றும், சீரோ மலபார், மலங்கரை முறையினர் அதற்கு முந்தைய திங்களன்றும் தொடங்குவார்கள். லத்தீன் முறையில் நோன்பு கட்டாயமான நாட்கள் இரண்டு, தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்ப்பார்கள். சீரோ மலபார், மலங்கரை முறைகளில் இறைச்சியோடு மீன், முட்டை, பால் ஆகியவற்றையும் பலர் விடுவார்கள். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் நோன்பிருக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பங்குத் தந்தையைக் கேளுங்கள்." நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். நோக்கத்தைச் சொல்ல இன்னும் அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அந்த நோக்கத்தையும் காணொளி தவறாகத்தான் சொன்னது. இது துக்க காலம் அல்ல. நோன்பிருக்கும்போது முகவாட்டமாய் இராதீர்கள் என்று மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார், அந்தப் பகுதியைத்தான் சாம்பல் புதன் திருப்பலியில் வாசிக்கிறோம். அதே அதிகாரத்தில் தர்மம், செபம், நோன்பு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. வயிற்றைக் காயப்போட்டு மிச்சம் பிடித்தது அடுத்தவன் தட்டுக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் எங்கள் பங்கில் வீட்டுக்கு வீடு சிறிய காகித உண்டியல் கொடுக்கிறார்கள். இன்னொன்று, புதியவர்களுக்கு மிகவும் தேவையானது: உயிர்ப்பு இரவில் திருமுழுக்குப் பெறுகிறவர்களின் கடைசி ஆயத்தம் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது, ஆதி நூற்றாண்டுகளிலிருந்தே. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் சட்டங்களிலேயே நாற்பது நாள் காலம் குறிப்பிடப்படுகிறது. அப்படியென்றால் என் தம்பி மனைவி இந்தக் காலத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவள் அல்லள். இந்தக் காலம் அவளுக்கும் உரியது. அவளுக்குத்தான் நீங்கள் பொய்ச் சட்டம் காட்டினீர்கள்.

காட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னணியில் ஒப்பாரி போன்ற இசை, யாரோ ஒரு மூதாட்டி கண்மூடிச் சாம்பல் வாங்கும்போது மிக நெருக்கத்தில் படம் பிடித்த முகம். குருத்தோலையை எரித்த அந்தச் சாம்பலை நெற்றியில் இடும்போது "நீ மண்ணாயிருக்கிறாய்" என்ற வார்த்தையைக் கேட்டு ஒரு மனுசி தன் சாவை நினைக்கிற நேரம் அது. அவரிடம் அனுமதி கேட்டார்களா? சாம்பல் கிண்ணத்தையோ பீடத்தின் ஊதாத் துணியையோ காட்டினால் போதுமே.

"விதி பேசுவது பரிசேயத்தனம், மனம்தான் முக்கியம்" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நாற்பது நாளும் மீன் தொட்டால் பாவம் என்று இல்லாத விதியைச் சுமத்தியது நானா? உள்ள விதி எவ்வளவு இளகியது என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். "திருத்தம் என்றால் தனியே அனுப்பியிருக்கலாம்" என்பதற்கும் பதில் உண்டு: முதலில் தனியேதான் அனுப்பினேன், பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

மேலே எழுதிய வாசகத்தை அப்படியே எடுத்துப் பேசிக்கொள்ளுங்கள், என் பெயர் போட வேண்டாம். 2027-இல் விபூதித் திங்கள் பிப்ரவரி 8, சாம்பல் புதன் பிப்ரவரி 10. இரண்டு தேதியும் திரையில் வரட்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய காணொளியை, பெரிய வெள்ளிக்கு முன்பாவது இறக்கிவிடுங்கள். அன்றைக்கும் ஒரு கர்ப்பிணி அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது.