அனுப்பிட்டேன்னு காட்டுது, ஆனா எங்கே போச்சுன்னு சொல்லுறதே இல்லை!

"மெசேஜ் போட்டேன், பதிலே இல்லை, அவ்வளவு திமிரா?" இந்தக் கேள்வி எத்தனை உறவைக் கெடுத்திருக்கும்! திமிரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்த மெசேஜை அவங்க பார்க்கவே இல்லை. தெரியாதவங்க மெசேஜுன்னு செயலி அதைக் கொண்டுபோய் `Requests` என்ற கோரிக்கைப் பெட்டியில போட்டுட்டு, ரெண்டு பேர்கிட்டயும் வாயைத் திறக்காம இருக்கு. எனக்கு ஆத்திரமே அந்த மௌனத்து மேலதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு தன்னோட சான்றிதழ் ஃபைலைப் பயணத்துல தொலைச்சுட்டா. முகம் தெரியாத ஒருத்தர் அதை எடுத்து, உள்ளே இருந்த பேரைத் தேடி, ஒரு அரட்டைச் செயலியில அவளுக்கு எழுதியிருக்கார். அவர் திரையில "அனுப்பப்பட்டது"ன்னு வந்தாச்சு. அவளுக்கு மணியும் அடிக்கலை, சிவப்புப் புள்ளியும் வரலை. அவர் அவளோட நட்புப் பட்டியல்ல இல்லையே, அதனால மெசேஜ் நேரா கோரிக்கைப் பெட்டிக்குப் போயிடுச்சு. அவளோ ஒவ்வொரு அலுவலகமா ஏறி இறங்கி நகல் சான்றிதழுக்கு அலைஞ்சுட்டு இருந்தா.

எப்படியோ ஒருநாள் அதைப் பார்த்துட்டா. ஆனா ஏற்கலை. முன்பின் தெரியாத ஆள் ஆச்சே, "நீ பேசு"ன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டா. அண்ணன் தன் கணக்குல இருந்து அவருக்கு எழுதினான். அந்தப் பதில் எங்கே போகும்? அவருக்கு அண்ணன் யாரோ ஒரு அந்நியன். அதுவும் அவரோட கோரிக்கைப் பெட்டியில போய் விழுந்தது! அவ படிச்சது அவருக்குத் தெரியாது, ஏன்னா ஏற்காத வரைக்கும் "பார்த்தாச்சு" அடையாளம் போகாது. அண்ணன் பதில் எழுதினதும் அவருக்குத் தெரியாது. நல்ல மனசோட உதவ வந்த மனுஷன், "இவங்களுக்கு ஃபைலே வேண்டாம் போல"ன்னு முடிவு கட்டிட்டார். மூணு பேருமே செய்ய வேண்டியதைச் செஞ்சாங்க. ஆனா பதில் மட்டும் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

தெரியாதவங்க மெசேஜைத் தனியா ஒதுக்குறது தப்புன்னு நான் சொல்லவே இல்லை. பெண்களுக்கு வர்ற அசிங்கத்தைப் பார்த்தவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஏற்காதபோது "பார்த்தாச்சு" காட்டாம இருக்கிறதும் அவங்க பாதுகாப்புக்குத்தான், அது அப்படியே இருக்கட்டும். ஆனா "அனுப்பப்பட்டது"ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? நிறுவனத்தோட சர்வருக்கு வந்து சேர்ந்துடுச்சு, அவ்வளவுதான். ஆளுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு அது சொல்லவே இல்லை. வாட்ஸ்அப்பை எடுத்துக்கங்க: ஒரு டிக்னா சர்வர் வரைக்கும், ரெண்டு சாம்பல் டிக்னா அவங்க ஃபோன் வரைக்கும். ஃபோனுக்குப் போய்ச் சேராத மெசேஜை 30 நாள் வெச்சிருந்து அழிச்சிடுவாங்க. பிளாக் பண்ணியிருந்தாலும் அதே ஒரு டிக்தான், அங்கேயும் குழப்பம் உண்டு. ஆனாலும் எந்தப் படியில நிக்குதுன்னு ஒரு தடயமாவது கிடைக்குது.

இன்ஸ்டாகிராம்ல இன்னொரு கொடுமை. உங்களைப் பின்தொடராத ஒருத்தருக்கு, அவர் ஏத்துக்கற வரைக்கும் ஒரே ஒரு மெசேஜ்தான், அதுவும் வெறும் எழுத்துதான். 2023-ல கொண்டுவந்த கட்டுப்பாடு இது. நம்ம ஆளுங்க அந்த ஒரே வாய்ப்பை "ஹாய்"னு போட்டுச் செலவழிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க! யார் இந்த "ஹாய்"னு தெரியாம எதிர்ல இருக்கிறவர் தொடவே மாட்டார். தயவு செஞ்சு முதல் மெசேஜிலேயே நீங்க யாரு, என்ன விஷயம், வேற எப்படித் தொடர்புகொள்ளலாம், எல்லாத்தையும் எழுதிடுங்க.

பெறுறவங்களுக்கும் சொல்றேன். `Requests`-ஐத் திறந்து பார்த்ததோட நிறுத்தாதீங்க. இன்ஸ்டாகிராம்ல அதுக்குள்ளேயே `Hidden Requests`னு இன்னொரு அறை இருக்கு, மெசெஞ்சர்ல `Spam`. கோரிக்கைக்குள்ள இன்னொரு கோரிக்கை! வேலைக்கான அழைப்பும் தொலைஞ்ச பொருளைப் பத்தின தகவலும், பரிசு விழுந்திருக்குன்னு சொல்ற ஏமாத்துக்காரன் மெசேஜோட சேர்ந்து அங்கே கிடக்கலாம். நம்பத் தகுந்த ஆள்னு தெரிஞ்சா அதே உரையாடல்ல ஏத்துக்கிட்டு, அங்கேயே பதில் எழுதுங்க. வேற கணக்குல இருந்து எழுதினா நீங்களும் அந்நியர் ஆயிடுவீங்க. அனுப்பினவரா இருந்தா, வேற வழியில ஆளைப் பிடிச்சு "கோரிக்கைப் பெட்டியைப் பாருங்க"ன்னு சொல்றது ஒண்ணுதான் உறுதியான வழி.

இத்தனையும் நாம செய்யணுமா? அனுப்பினவர் திரையில "கோரிக்கையாக அனுப்பப்பட்டது, அவர் ஏற்றால்தான் உரையாடல் தொடங்கும்"னு தெளிவா ஒரு வரி போட்டா என்ன குடி முழுகிடும்? அவர் பார்த்தாரா இல்லையான்னு அதுல சொல்ல வேண்டாம், யாரோட அந்தரங்கமும் வெளியே போகாது. பெறுறவருக்கு, சத்தமே இல்லாம, வாரத்துக்கு ஒருதரம் "உங்க கோரிக்கைப் பெட்டியில புதுசா இத்தனை பேர்"னு ஒரு அறிவிப்பு. பிறந்தநாளுக்கு, பழைய ஃபோட்டோவுக்கு, யாரோ நேரலைக்கு வந்ததுக்கெல்லாம் மணி அடிக்கத் தெரியுது இல்ல? இதுக்கு மணி அடிக்காமலாவது ஒரு வரி சொல்லுங்க!