பூஞ்சணம் பிடித்த நெய்யைக் கொதிக்க வைத்தாலும் சரிவராது

“வீட்டு நெய் கெடாது. மேலே பூஞ்சணம் பிடித்தால் வழித்தெறிந்துவிட்டு ஒருமுறை கொதிக்க வையுங்கள், மாதக்கணக்கில் பாவிக்கலாம்.”

மட்டக்களப்பு, அம்பாறை வட்சப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் பிழையானது. தயவுசெய்து இனிப் பகிர வேண்டாம்.

ஈரமில்லாத நெய்யில் பூஞ்சணம் வளராது. அது வந்திருந்தால் உள்ளே நீர் இருக்கிறது என்று அர்த்தம். கொதிக்க வைத்தால் பூஞ்சணம் சாகும். ஆனால் சில பூஞ்சணங்கள் விடும் அஃப்ளாடொக்சின் போன்ற நச்சு அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் நீர் உண்டு. அதுவும் மென்மையானது என்பதால், மேலே வழித்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே தங்கிவிடும். பூஞ்சணம் பிடித்தால் நெய், வெண்ணெய் இரண்டையுமே முழுதாக வீசுங்கள்.

எருமைத் தயிர் கடைந்த வெண்ணெயை உருக்கும்போது கேட்கும் சடசடப்பு, நீர் ஆவியாகும் சத்தம். அது அடங்கி, அடிக்கசடு பொன்னிறமாகும் வரை இறக்க வேண்டாம். வடித்த நெய்யைச் சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் திரும்பவும் உள்ளே சொட்டும். ஈரக் கரண்டியும் அதையே செய்யும். சந்தேகமென்றால் ஒரு கரண்டி நெய்யைச் சூடாக்கிப் பாருங்கள். வெடித்தால் நீர் இருக்கிறது. நேற்றுக் காய்ச்சியது என்றால் திரும்பக் காய்ச்சலாம். சூடான குசினியில் மாதக்கணக்கில் இருந்தது என்றால் வேண்டாம்.

உறுதிப்படுத்த உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.